தொலைந்த பொதிக்கு நட்டஈடு கேட்க வேண்டியவர் அனுப்பியவரா, வாங்கியவரா?

வாசகியின் கடிதம்:

"ஐயா, நான் கண்டாவளைப் பக்கம். வீட்டிலிருந்தே சாறிகளுக்கு ஆரி வேலை செய்து விற்கிறேன். கனடாவில் இருக்கும் ஒரு அக்கா ஐந்து சாறியும் அவற்றுக்கான பிளவுசும் கேட்டு, 90,000 ரூபாயும் தபால் செலவும் தன் தங்கை மூலம் என் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார். பொதியின் நிறை 4 கிலோ. ஜனவரி 9 ஆம் திகதி கிளிநொச்சித் தபாலகத்தில் விமானப் பொதியாகக் கொடுத்தேன். வரி வராமல் இருக்க 'அன்பளிப்பு' என்று எழுதி விலையைக் குறைத்துப் போடும்படி அக்கா சொன்னதால் 12,000 என்று போட்டேன். காப்புறுதி செய்யவில்லை. இலக்கம் இருக்கிறதுதானே என்று நினைத்தேன். கொழும்பிலிருந்து புறப்பட்டது என்பதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஏழு கிழமை ஆகிவிட்டது. காசு அவருடையது, பொதியும் அவருடையது, ஆகவே அங்கே அவர்தானே முறைப்பாடு கொடுக்க வேண்டும்? அவரோ, கனடாத் தபால்காரர் அனுப்பியவரைக் கேட்கச் சொல்கிறார்கள், 90,000 ஐயும் திருப்பித் தா, இல்லாவிட்டால் பொலிசுக்குப் போவேன் என்கிறார். 'கையில கிடைக்கும் மட்டும் நான் பொறுப்பு அக்கா' என்று வட்ஸ்அப்பில் நான் எழுதியதையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். படிவத்தில் 90,000 என்று போட்டிருந்தால் 90,000 கிடைத்திருக்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?"

சட்டத்தரணியின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கணக்குகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தபால் திணைக்களத்துக்கும் பொதியை ஒப்படைத்தவருக்கும் இடையிலானது ஒன்று. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலானது மற்றது. முதலாவதில் நட்டஈடு கேட்க வேண்டியவர் யார் என்பதைத் தீர்மானிப்பது பொதி யாருடைய சொத்து என்பதல்ல. அதை அனுப்பும் ஒப்பந்தத்தைத் தபாலகத்துடன் செய்தவர் யார் என்பதே. இரண்டாவதில் நட்டத்தை யார் தாங்குவது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட பேச்சு. தபாலகம் உங்களுக்கு நட்டஈடு தந்துவிட்டதால் அக்காவுடனான கணக்கு தானாகத் தீர்ந்துவிடாது. தபாலகம் ஒன்றும் தராமல் விட்டாலும் அந்தக் கணக்கு இல்லாமல் போய்விடாது. ஆகவே இரண்டையும் பிரித்துப் பதில் சொல்கிறேன். முதலாவதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதற்குக் காலக்கெடு இருக்கிறது.

விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்களே

நாடுகளுக்கிடையிலான தபால் போக்குவரத்து உலகத் தபால் ஒன்றியத்தின் உடன்படிக்கைப்படி நடக்கிறது. இலங்கையும் கனடாவும் அதில் உறுப்பு நாடுகள். அந்த உடன்படிக்கைப்படி, தொலைந்த பொதிக்கான நட்டஈடு அனுப்பியவருக்கு உரியது. தபால் கட்டணத்தைச் செலுத்தி, படிவத்தில் கையொப்பமிட்டு, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டவர் நீங்கள். கட்டணக் காசு எங்கிருந்து வந்தது என்பதைத் தபாலகம் பார்ப்பதில்லை. ஆகவே கனடாவில் அக்காவுக்குச் சொல்லப்பட்ட பதில் தட்டிக்கழிப்பு அல்ல, சரியான பதிலே. அவர் அங்கே எத்தனை முறை முறையிட்டாலும் அந்த முறைப்பாடு சுற்றிச் சுழன்று உங்களிடம்தான் வந்து நிற்கும்.

விசாரணை கேட்பதற்கான காலம், பொதியை ஒப்படைத்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஆறு மாதங்கள். ஜனவரி 9 ஆம் திகதி ஒப்படைத்தீர்கள் என்பதால் ஜூலை முதற் கிழமைக்குள் உங்கள் விண்ணப்பம் தபாலகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். இன்னும் நான்கு மாதங்களுக்கு மேல் இருக்கின்றன என்று இதை ஒத்திவைக்க வேண்டாம். நீங்களும் அக்காவும் யார் கொடுப்பது என்று ஆளையாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடிக்கொண்டிருப்பது இந்தக் காலம்தான். என்னிடம் இத்தகைய விடயங்களோடு வருபவர்களில் பலர், வாங்கியவரோடு மாதக்கணக்கில் வாய்த்தர்க்கப்பட்டுவிட்டுக் காலக்கெடு கடந்த பிறகே பற்றுச்சீட்டைத் தேட ஆரம்பிக்கிறார்கள்.

கிளிநொச்சித் தபாலகத்துக்கு, ஒப்படைத்தபோது தந்த மூலப் பற்றுச்சீட்டு, சுங்க அறிவிப்புப் படிவத்தின் உங்கள் பிரதி, அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றோடு செல்லுங்கள். சர்வதேசப் பொதிக்கான விசாரணைப் படிவம், அதாவது CN 08, வேண்டுமென்று கேளுங்கள். அதோடு தபாலதிபருக்கு முகவரியிட்ட ஒரு கடிதத்தையும் இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைதான் ஆறு மாதத்துக்குள் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கான சாட்சி. பொதி கிடைக்கவில்லை என்று அக்கா கையொப்பமிட்ட நாலு வரிக் கடிதத்தின் படத்தையும், தடமறியும் பக்கத்தில் கடைசியாகக் காட்டும் நிலையின் அச்சுப் பிரதியையும் இணைத்துக்கொள்வது நல்லது. அவர் செய்ய வேண்டிய வேலை அந்த நாலு வரி மட்டுமே.

விண்ணப்பம் போன பிறகு நடப்பது இதுதான். இலங்கைத் தபால் திணைக்களம், பொதி எந்த மூட்டையில், எந்த அனுப்புகையில் போனது என்ற விபரத்தோடு கனடா நிருவாகத்தைக் கேட்கும். எந்த நிருவாகம் பொதியை மறுப்பின்றிப் பெற்றுக்கொண்டு, அதன் பிறகு அதைக் கொடுத்ததையோ அனுப்பியதையோ காட்ட முடியாமல் நிற்கிறதோ, பொறுப்பு அந்த நிருவாகத்தினுடையது. உங்கள் பொதியின் பதிவு கொழும்பிலிருந்து புறப்பட்டதோடு நிற்பதால், கனடா அதைப் பெற்றதாக ஏற்குமா என்பதே இங்கே கேள்வி. ஆனால் அந்த இழுபறி இரண்டு நிருவாகங்களுக்கு இடையிலானது. விபரம் கிடைத்த மற்ற நிருவாகம் இரண்டு மாதங்களாக விடயத்தை முடித்து வைக்காவிட்டால், அதன் சார்பில் அனுப்பிய நாட்டின் நிருவாகமே உரியவருக்கு நட்டஈட்டைக் கொடுக்க உடன்படிக்கை இடமளிக்கிறது. எனவே "கனடாவிலிருந்து பதில் வரவில்லை" என்ற மறுமொழி வந்தால், அதோடு திரும்பி வந்துவிடாமல், இரண்டு மாதம் கழிந்ததைச் சுட்டிக்காட்டி மீண்டும் எழுதுங்கள்.

அக்காவே நட்டஈட்டை நேரடியாகப் பெற வேண்டுமென்று நீங்கள் இருவரும் தீர்மானித்தால் அதற்கும் வழி உண்டு. அனுப்பியவர் தமது உரிமையைப் பெறுநருக்கு விட்டுக்கொடுக்கலாம். அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் விடயத்தில் அதை நான் ஆலோசனையாகச் சொல்ல மாட்டேன். அதற்கான காரணம் கீழே வரும் கணக்கில் தெரியும்.

படிவத்தில் எழுதிய தொகையும் காப்புறுதித் தொகையும்

"இலக்கம் இருக்கிறதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். பொதியில் ஒட்டப்படும் பட்டைக் குறி C என்ற எழுத்தில் தொடங்கி LK என்று முடியும். பதிவுத் தபாலானால் R, விரைவு அஞ்சலானால் E என்று தொடங்கும். இந்த இலக்கம் பொதி எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஏற்பாடு மட்டுமே. தொலைந்தால் அதன் பெறுமதி கிடைக்கும் என்ற வாக்குறுதி எதுவும் அதில் இல்லை. காப்புறுதி என்பது தனியாகக் கேட்டு, தனிக் கட்டணம் கட்டி, காப்புறுதித் தொகையைப் படிவத்தில் அதற்குரிய இடத்தில் எழுதிச் செய்யப்படுவது.

நீங்கள் 12,000 என்று நிரப்பிய இடம் சுங்கத்துக்கானது. அந்தத் தொகையை வைத்து, பொதி போய்ச் சேரும் நாட்டின் சுங்கம் வரி உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும். கனடாவில் அன்பளிப்புப் பொதிக்கு 60 கனடிய டொலர் வரை வரிவிலக்கு உண்டு. நீங்கள் எழுதிய 12,000 ரூபாய் அந்த எல்லைக்குள் அடங்கும் என்பதால்தான் அந்தத் தொகை தெரிவுசெய்யப்பட்டது என்று நினைக்கிறேன். விலைக்கு விற்ற பொருள் அன்பளிப்பு ஆகாது என்பதையும், அந்தப் படிவத்தின் அடியில், எழுதிய விபரங்கள் சரியானவை என்று நீங்கள்தான் கையொப்பமிட்டிருக்கிறீர்கள் என்பதையும் நான் சொல்லாமல் விட முடியாது. கேட்டது அவராக இருக்கலாம், கையொப்பம் உங்களுடையது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். சுங்கப் பகுதியில் 90,000 என்று உண்மையை எழுதியிருந்தாலும், காப்புறுதி செய்யாத வரை 90,000 கிடைத்திருக்காது. காப்புறுதி செய்யாத பொதி தொலைந்தால் உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி நட்டஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அது எஸ்.டி.ஆர். என்னும் சர்வதேச நாணயக் கணக்கலகில், அதாவது சிறப்பு எடுப்பனவு உரிமையில், சொல்லப்படுகிறது: ஒரு பொதிக்கு 40, அதனோடு ஒவ்வொரு கிலோவுக்கும் 4.50. உங்கள் 4 கிலோப் பொதிக்கு 40 உடன் 18 சேர்த்து 58. மாற்று வீதம் நாளுக்கு நாள் மாறும் என்றாலும், கணக்குக்காக ஓர் அலகு 400 ரூபாய் என்று கொண்டால் 23,200 ரூபாய். நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அதற்கு மேல் வந்திருக்காது.

அந்த 23,200 உம் எல்லோருக்கும் கொடுக்கும் நிலையான தொகை அல்ல. பொருளை ஒப்படைத்த இடத்தில், ஒப்படைத்த நேரத்தில் அதற்கு இருந்த விலைதான் அளவுகோல். வரம்புக்குக் கீழே இருந்தால் அந்த விலையே கிடைக்கும். வராமற்போன இலாபம், குலைந்த கலியாண வீட்டு ஏற்பாடு போன்ற மறைமுக நட்டங்களுக்கு இதில் இடமில்லை. விலைக்குச் சான்றாகத் தபாலகத்தின் கையில் இருப்பது நீங்களே எழுதிக் கையொப்பமிட்ட 12,000 என்ற தொகை. ஆகவே, நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது 12,000 ரூபாயும், அதோடு தபால் கட்டணமும்தான். பொதி முழுதாகத் தொலைந்தால் ஒப்படைக்கும்போது கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அனுப்பியவருக்கு உண்டு. பதிவு, காப்புறுதி ஆகியவற்றுக்கான கட்டணம் மட்டும் திரும்பி வராது. இந்தக் கட்டணத்தைக் கேட்க வேண்டும் என்பதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

கூட்டிப் பார்த்தால், விலையைக் குறைத்து எழுதியதால் நேரடியாக உங்களுக்குப் போனது சுமார் 11,000 ரூபாய். மீதிப் பெருந்தொகை போனது காப்புறுதி இல்லாததால். ஆனால் இரண்டும் வேறுவேறு தவறுகள் அல்ல. ஒரே படிவத்தில் சுங்கத்துக்கு 12,000 என்றும் காப்புறுதிக்கு 90,000 என்றும் எழுத முடியாது. காப்புறுதித் தொகை உள்ளே இருக்கும் பொருளின் உண்மை விலையைத் தாண்டக் கூடாது என்பது விதி. கூடிய தொகைக்கு ஏமாற்றிக் காப்புறுதி செய்தது தெரியவந்தால் ஒன்றுமே கிடைக்காது. உண்மை விலையில் ஒரு பகுதிக்கு மட்டும் காப்புறுதி செய்வதற்கு மாத்திரம் இடம் உண்டு. ஆக, "விலையைக் குறைத்துப் போடு" என்று அக்கா கேட்ட அந்த நிமிடமே முழுக் காப்புறுதிக்கான கதவும் சாத்தப்பட்டுவிட்டது. அது அப்போது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்களிடம் 90,000 ரூபாய்க்கான கணக்குச் சீட்டு ஒன்று இருக்கக்கூடும், அல்லது எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். அதை இணைத்து, உண்மை விலை இதுதான், ஆகவே உச்சவரம்பான 58 அலகையும் தாருங்கள் என்று கேட்டால், கூடுதலாகக் கிடைக்கக்கூடியது 11,000 ரூபாய். அதற்கு ஈடாக, சுங்கத்துக்குப் பொய் விபரம் கொடுத்தேன் என்பதை உங்கள் கையாலேயே எழுதி அரசாங்கக் கோவையில் வைக்கிறீர்கள். பொய்யான சுங்க அறிவிப்புத் தண்டனைக்குரியது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 12,000 இற்கே விண்ணப்பிப்பேன். விசாரணையின்போது விலையைப் பற்றி நேரடியாகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். ஆனால் அதிகமாகக் கேட்கவும் வேண்டாம்.

தனியார் கூரியரானால்

நீங்கள் இனிக் கூரியர் முகவர் ஒருவரிடம் போக எண்ணியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பலரும் ஒரு முறை அடிபட்ட பின் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கும் கோர வேண்டியவர் பெரும்பாலும் அனுப்பியவரே. ஆனால் விதி உலகத் தபால் ஒன்றியத்தினுடையது அல்ல. முகவர் தரும் சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதே ஒப்பந்தம். அதில் மூன்று தொகைகள் வரலாம். ஒன்று சுங்கத்துக்கான விலை. இன்னொன்று, நிறுவனத்தின் பொறுப்பை உயர்த்துவதற்காக, கூடுதல் கட்டணம் கட்டி எழுதும் அறிவித்த பெறுமதி. மூன்றாவது, காப்புறுதி நிறுவனம் ஒன்றின் மூலம் செய்யும் உண்மையான காப்புறுதி.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றென நினைப்பவர்களே அதிகம். அறிவித்த பெறுமதி என்பது, கூரியர் நிறுவனம் பொறுப்பாளி என்று ஆன பிறகு, அது அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்ற எல்லை மட்டுமே. அந்த எல்லைக்குள் உங்கள் உண்மை நட்டத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பொதி கட்டியதில் குறை என்றோ, ஏற்றுக்கொள்ள முடியாத பொருள் என்றோ சொல்லி அவர்கள் மறுக்கவும் கூடும். காப்புறுதியில் எதிராளி கூரியர் அல்ல, காப்புறுதி நிறுவனம். அங்கே கோர வேண்டியவர் காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் உள்ளவர். பத்திரம் யாருடைய பெயரில் எழுதப்படுகிறது என்று காசு கட்டும்போதே பாருங்கள். முகவர் தமது பெயரிலேயே எடுத்து வைத்திருந்தால் நீங்கள் அவருடைய தயவை நம்பி நிற்க வேண்டிவரும்.

விமானத்தில் போகும் சரக்குக்கு, 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் தனி வரம்பு உண்டு. அது 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். ஆக உயர்த்தப்பட்டது. உங்கள் நிறையில் அது 104 அலகு, அதாவது மேலே கொண்ட வீதத்தில் 41,600 ரூபாய். தபால் பொதிக்கு இந்த வரம்பு பொருந்தாது. விமான நிறுவனம் அங்கே தபால் நிருவாகத்துக்கு மட்டுமே பொறுப்பு. "எந்த நிலையிலும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும், 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின் கீழ் அந்த வாசகம் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க முடியும். ஆகவே அந்த வரியைக் கண்டு கோரிக்கையையே கைவிட்டுவிடக் கூடாது.

அக்காவுக்கும் உங்களுக்கும் இடையில்

பொலிஸ் என்ற சொல்லைக் கண்டு நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு, காசை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஜனவரி 9 இன் பற்றுச்சீட்டும், கொழும்பு வரை போன தடமும் அதற்கு எதிரான வலுவான சாட்சிகள். இது குடியியல் விடயம். பற்றுச்சீட்டின் படத்தை அவருக்கு அனுப்பிவிட்டு, இந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நட்டத்தை யார் தாங்குவது என்பதில்தான் நீங்கள் நினைத்ததற்கு மாறான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவருக்கு அனுப்புவதாக உடன்பட்ட பொருளை விற்றவர் காவுநரிடம், அதாவது கொண்டுசெல்பவரிடம், ஒப்படைத்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே கொள்கிறது. அந்த அளவில் "பொதி அவருடையது" என்ற உங்கள் எண்ணம் அடியோடு தவறல்ல. ஆனால் "வேறு உடன்பாடு இல்லாதவிடத்து" என்ற நிபந்தனையை உங்கள் ஒரு வரி வட்ஸ்அப் செய்தி மாற்றிவிட்டது. கையில் கிடைக்கும் மட்டும் நான் பொறுப்பு என்று எழுதியவர், வழியில் தொலைந்துபோவதன் பொறுப்பையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டவர் என்றே அதை வாசிக்க முடியும். அது வெறும் கைபேசிச் செய்தி என்று ஒதுக்கவும் முடியாது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இத்தகைய செய்திகளுக்கும் சட்ட வலுவைக் கொடுத்திருக்கிறது.

பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், பொருளின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ற நியாயமான போக்குவரத்து ஒப்பந்தத்தை விற்றவர் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 90,000 ரூபாய்ப் பொருளைக் காப்புறுதி இன்றி அனுப்பியது நியாயமா என்று அக்கா கேட்கலாம். இந்த இடத்தில் உங்கள் பக்கமும் எழுந்து நிற்கிறது. குறைந்த விலையைப் போடச் சொன்னவர் அவர். அந்தச் சொல்லால்தான் காப்புறுதிக்கு வழியில்லாமல் போனது. வரியைத் தவிர்க்கும் பலன் முழுவதும் அவருக்கு, அதனால் வந்த ஆபத்து முழுவதும் உங்களுக்கு என்று வாதிடுவது அவருக்கு எளிதல்ல. சட்டத்துக்குப் புறம்பான அந்த ஏற்பாட்டில் தமக்கும் பங்கு இருந்ததை மறைத்துக்கொண்டு நீதிமன்றத்தின் முன் வருவதும் எளிதல்ல. அவர் அப்படிக் கேட்ட செய்தியை அழித்துவிடாமல் பாதுகாத்து வையுங்கள். குரல் பதிவாக வந்திருந்தால் அதையும் கைபேசிக்கு வெளியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இரு பக்கத்திலும் பலமும் பலவீனமும் இருக்கும்போது, கனடாவுக்கும் கண்டாவளைக்கும் இடையில் 90,000 ரூபாய்க்கு வழக்காடுவது இருவருக்கும் நட்டமே. நான் முன்வைக்கும் கணக்கு இது. தபாலகத்திலிருந்து வரும் 12,000 ஐ முதலில் கழித்தால் மீதி 78,000. அதை இருவரும் சரிபாதியாகத் தாங்கினால் ஆளுக்கு 39,000. ஆகவே நீங்கள் அவருக்குக் கொடுப்பது 12,000 உம் 39,000 உமாக 51,000. அவர் விட்டுக்கொடுப்பது 39,000. திரும்பி வரும் தபால் கட்டணம் அவர் கட்டியது; அதையும் அப்படியே அவருக்குக் கொடுங்கள். கையில் காசு இல்லாவிட்டால், 39,000 இல் ஒரு பகுதியைக் காசாகவன்றி வேலையாகக் கொடுக்கலாம்: அவர் துணியை வாங்கித் தர, ஆரி வேலையை நீங்கள் கூலியின்றிச் செய்து கொடுப்பது. உங்களுக்கு அது இலகு, அவருக்கும் சாறி கிடைக்கும்.

நட்டஈட்டு உரிமையை அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று முன்பு சொன்னதற்குக் காரணமும் இதுவே. உரிமை அவரிடம் போய்விட்டால், அந்தத் தொகையைக் கழித்துக் கணக்குப் பார்க்கும் நிலை உங்கள் கையை விட்டுப் போய்விடும். 90,000 ஐயும் கேட்டுக்கொண்டு தபாலகத்தின் காசையும் அவர் பெறுவதற்கு இடமுண்டாகும். ஒரே நட்டத்துக்கு இரண்டு முறை காசு வாங்க யாருக்கும் உரிமை இல்லை.

இணங்கினால் அதைச் செய்தியாகவாவது எழுத்தில் வையுங்கள். அதில் பொதி பிறகு கிடைத்தால் என்ன செய்வது என்பதும் இருக்கட்டும். இது கற்பனை அல்ல, தொலைந்ததாக மூடப்பட்ட பொதிகள் பிறகு வந்து சேர்வதுண்டு. நட்டஈடு கொடுத்த பின் பொதி அகப்பட்டால், வாங்கிய நட்டஈட்டைத் திருப்பிக் கட்டிப் பொதியைப் பெற்றுக்கொள்ள மூன்று மாத அவகாசம் கொடுத்துத் தபாலகம் அறிவிக்கும். அப்படி நடந்தால் அக்கா பொதியை ஏற்று, நீங்கள் கொடுத்த 51,000 ஐயும் தபால் கட்டணத்தையும் திருப்பித் தருவார், அல்லது பொதி உங்களிடம் திரும்பி வரும் என்று இப்போதே ஒரு வசனம் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த பொதிக்கு முன்

விலை பேசும்போதே மூன்று விடயங்களை வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். உண்மை விலைதான் சுங்கப் படிவத்தில் வரும், அதற்கான வரி உங்களுடையது, சம்மதமா? காப்புறுதி வேண்டுமா, அதற்கான கட்டணத்தைத் தருவீர்களா? வேண்டாமென்றால், வழியில் தொலைந்தால் தபாலகம் தருவதை மட்டும் நான் உங்களுக்குத் தருவேன், சம்மதமா? அவர் "சரி" என்று ஒரு சொல் எழுதினால் போதும். "கையில் கிடைக்கும் மட்டும்" என்ற வாக்கை, காப்புறுதி செய்த பொதிக்கு மட்டும் கொடுங்கள்.

காப்புறுதி செய்த பொதிச் சேவை எல்லா நாடுகளுக்கும் இருப்பதில்லை. நாடுகள் விரும்பினால் நடத்தும் சேவை அது. ஆகவே பொதியைக் கட்டுவதற்கு முன் தபாலகத்தில் நாட்டின் பெயரைச் சொல்லி, காப்புறுதி உண்டா, எவ்வளவு தொகை வரை என்று கேளுங்கள். இல்லையென்றால், ஐந்து சாறிகளை ஒரே பொதியாகக் கட்டுவதை விட இரண்டாகப் பிரித்து அனுப்புவது நல்லது. தபால் செலவு கூடும்; ஆனால் 40 அலகு என்ற வரம்பு ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால், 2 கிலோவாக இரண்டு பொதிகளானால் உச்சவரம்பு 58 இலிருந்து 98 ஆக உயரும்; ஒன்று தொலைந்தாலும் மற்றது போய்ச் சேர வாய்ப்புண்டு.

இந்தக் கிழமையே பற்றுச்சீட்டோடு தபாலகத்துக்குப் போங்கள். முத்திரை குத்திய பிரதியின் படத்தை அன்றே அக்காவுக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு 51,000 என்ற கணக்கை அவரிடம் பேசுங்கள்.